அடுப்பங்கரையில் காய்ந்த சப்பாத்து

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பழைய மாணவியர் மேடை ஏறினால் ஆசிரியைகளைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அதை இன்று காலை முதல் பலர் எங்களைவிட நன்றாகச் செய்துவிட்டார்கள். ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் நாங்கள் ஒரு கவிதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது ஒரு தகப்பனைப் பற்றிய கவிதை. இந்தப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஆண்டுகளில் நம்மிற் பலர் வாய் திறந்து பேசாத ஆள் அப்பாதான். அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதினோம். அப்பாவின் பெயரை றிப்போட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டுமே கண்டோம். அந்தக் கையெழுத்தை வாங்கப் போகும்போது கை நடுங்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

கவிதையை எழுதியவர் றொபர்ட் ஹேடன். அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரில் 1913ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினக் கவிஞர். நம்முடைய மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்தவர். அப்படிப் பார்த்தால் இருவரும் ஒரு காலத்துப் பிள்ளைகள். ஹேடனைப் பெற்றவர்கள் பிரிந்துவிட, அயல்வீட்டுத் தம்பதியரான வில்லியம் ஹேடனும் அவருடைய மனைவியும் குழந்தையை எடுத்து வளர்த்துத் தங்கள் பெயரையே வைத்தார்கள். வளர்ப்புத் தந்தை உடலுழைப்பால் பிழைத்தவர். ஏழை வீடு. கோயிலுக்குத் தவறாமல் போகும் வீடு. சண்டையும் அடியும் அடிக்கடி நடந்த வீடு. பையனுக்குக் கண்பார்வை மிகவும் மங்கல். மற்றப் பையன்களோடு விளையாட முடியாமல் புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்து வாசித்தே வளர்ந்தார். பின்னாளில் பல்கலைக்கழக ஆசிரியரானார். 1976இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. 1980இல் காலமானார்.

நாங்கள் சொல்லும் கவிதை 1962இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. 'அந்தக் குளிர்கால ஞாயிறுகள்' என்று தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். பதினான்கே வரிகள். அது அச்சில் வந்தபோது அவருக்கு ஐம்பது வயதை எட்டும் காலம். வீட்டை விட்டு வந்து எத்தனையோ வருடங்கள் கழிந்த பிறகே அதைச் சொல்ல அவருக்கு வாய்த்திருக்கிறது.

கவிதையில் நடப்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன், விறைக்கும் குளிரில் தகப்பன் எழும்புகிறார். வாரம் முழுவதும் வெளியில் வேலை செய்து வெடித்த, வலிக்கிற கைகளால், இரவு மூடி வைத்த நெருப்பைக் கிளறி எரிய வைக்கிறார். அதற்கு யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. மகன் படுக்கையிற் கிடந்தபடியே குளிர் முறிந்து போகும் சத்தத்தைக் கேட்கிறான். அறைகள் சூடானதும் தகப்பன் கூப்பிடுகிறார். அவன் மெதுவாக எழுந்து உடுத்துகிறான். அந்த வீட்டில் எப்போதும் குடியிருக்கும் கோபங்களுக்கு அவனுக்குப் பயம். தகப்பனோடு ஒட்டாமல் ஏதோ இரண்டு வார்த்தை பேசுகிறான். அவரோ குளிரை விரட்டியது மட்டுமல்ல, மகனுடைய நல்ல சப்பாத்தையும் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார். கடைசியில் வளர்ந்த மகன், அன்புக்குள் இப்படியும் சில கடுமையான, தனிமையான வேலைகள் உண்டென்று அன்று எனக்கு எங்கே தெரிந்தது என்று இரண்டு தரம் கேட்கிறான். அத்தோடு கவிதை முடிகிறது.

இதை ஏன் பண்டாரவளையிற் சொல்ல வேண்டும் என்றால், குளிரை வைத்து எழுதிய கவிதையை விளங்கிக்கொள்ளக் குளிர் தெரிந்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது வெறும் ஆங்கிலப் பாடமாக இருந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் நாலாயிரம் அடி உயரத்தில் கண் விழித்த நமக்கு முதல் வரியிலேயே கால் சில்லிடுகிறது. நெருப்பை 'மூடி வைப்பது' என்றால் என்னவென்று லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டிய மிலாறு எரிந்து தணலானதும், அதன் மேல் சாம்பலை அள்ளி மூடிவிட்டுப் படுப்பார்கள். பார்த்தால் அடுப்பு செத்துப்போனது போலத் தெரியும். விடியற்காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் உள்ளே சிவப்பு இருக்கும். மேலே ஆறிப்போன சாம்பலும் அடியிலே அணையாத தணலுமாக இருப்பது அடுப்பு மட்டுமா என்பதைக் கவிஞர் சொல்லவில்லை. நாமும் அதை விளக்கிக் கெடுக்க வேண்டாம்.

ஒரு திருத்தத்தை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். நம்முடைய லயங்களில் பிரட்டுக்கு முன்னே எழுந்து அடுப்பு மூட்டியவர்கள் பெரும்பாலும் அம்மாமார்தான். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, சாயத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு அவர்களும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள். ஆகவே ஹேடனுடைய தகப்பன் செய்ததை நம் வீடுகளில் செய்தவர் தாய். அப்படியானால் நம் அப்பாமாரின் அன்பு எங்கே ஒளிந்திருந்தது என்று தேடினால், அதற்கும் கவிதையிலேயே ஓர் இடம் இருக்கிறது. அந்தச் சப்பாத்துதான். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் ஒரு சின்னச் சொல். ஆங்கிலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சொல் நிற்கிறது. நமக்கு அதற்குத் தனிச்சொல்லே வேண்டாம், ஓர் 'உம்' போதும். ஞாயிற்றுக்கிழமை'யும்' எழுந்தார். அந்த 'உம்' மற்ற ஆறு நாட்களையும் கவிதைக்குள் இழுத்து வந்துவிடுகிறது. ஓய்வு நாளிலும் எழுந்த மனிதர், வேலை நாட்களில் எப்படி எழுந்திருப்பார் என்று கவிஞர் தனியாக எழுதவேயில்லை. சின்ன வகுப்பில் எச்ச உம்மை படித்தபோது இது எதற்கு என்று முணுமுணுத்தோம். இதற்குத்தான் போலும்.

இன்னொன்று, ஓசை. ஆங்கில மூலத்தை வாய்விட்டு வாசிப்பவர்கள் கவனிக்கலாம்: கவிதை முழுவதும் 'க்' என்ற வல்லோசை முட்டி முட்டி வருகிறது. வெடித்த கைக்கும், விறைத்த குளிருக்கும், மூடி வைத்த நெருப்புக்கும் அந்த ஒரே ஓசை. கடைசி இரண்டு வரிகளுக்கு வரும்போது அது அநேகமாக அடங்கிவிடுகிறது. அறை சூடாகிவிட்டதென்று காதுக்கே தெரிகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தக் கவிதையைத் தந்தையர் தினத்தில் வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசிக்கும்போது பலர் ஒரு வரியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது அந்த வீட்டுக் கோபங்களைப் பற்றிய வரி. பயத்தைப் பற்றிய வரி. எங்கள் வகுப்பிற் சிலர் சேர்ந்து, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவென்று இதைத் தமிழாக்கிப் பார்த்தோம். முதல் முயற்சியில் நாங்களும் அந்த வரியை மென்மையாக்கினோம். 'கண்டிப்பு' என்று எழுதினோம். வாசித்துப் பார்த்தால் கவிதை விழுந்துவிட்டது. ஏனென்று யோசித்தபோதுதான் விளங்கியது. கோபத்தை எடுத்துவிட்டால் தகப்பனோடு ஒட்டாமற் பேசிய மகன் வெறும் நன்றிகெட்ட பிள்ளையாகிவிடுகிறான். தகப்பன் வெறும் நல்லவராகிவிடுகிறார். பிறகு மன்னிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பயந்த பிள்ளை அப்படித்தான் பேசும். அடுத்த அறையில் யார் குரல் உயரப் போகிறது என்று காது கொடுத்துக்கொண்டு உடுத்தும் பிள்ளைக்குத் துலங்கும் சப்பாத்து கண்ணிற் படாது.

கவிஞர் அந்தக் கோபத்தைத் தகப்பனுடைய கோபம் என்று எழுதவில்லை என்பதையும் பாருங்கள். அந்த வீட்டுடைய கோபம் என்கிறார். அது யாருடையது, ஏன் வந்தது என்று சொல்லவில்லை. வறுமையாக இருக்கலாம், வெள்ளையர் நகரத்தில் கறுப்பு மனிதன் பகல் முழுவதும் விழுங்கிய அவமானம் இரவில் வீட்டில் வெடித்ததாக இருக்கலாம். துரையிடமும் கண்டக்டரிடமும் பேச்சு வாங்கிய கையோடு லயத்துக்குத் திரும்பியவர்களின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதன் பொருள் தெரியும். அது அடிக்கு நியாயமாகாது. கவிஞரும் நியாயம் சொல்லவில்லை. கோபத்தை அப்படியே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் சப்பாத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் கவிதையில் இல்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதையைச் சொல்ல அவளே அனுமதி தந்திருக்கிறாள், பெயரை மட்டும் சொல்ல வேண்டாமென்றாள். பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவள் தகப்பனார் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பஸ் பிந்தி வந்தால் அவளுக்கு அடி விழும். பஸ்காரன் பிழைக்கு எனக்கு ஏன் அடி என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னொன்று விழுந்திருக்கும். கலியாணம் கட்டிக் கனடா போனாள். தகப்பனார் இறந்தபோது வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னாள். விசாவுக்கு அவள் விண்ணப்பிக்கவேயில்லை என்பதை எங்களுக்கு இருபது வருடங்கள் கழித்துத்தான் சொன்னாள்.

ஒரு பனிக்கால இரவு, ரொறன்ரோவில், மகனுடைய நனைந்த சப்பாத்தை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பக்கம் சூடேறிவிடாமல் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாளாம். திருப்புகிற தன் கையைப் பார்த்ததும் அப்படியே இருந்துவிட்டாளாம். நமக்கெல்லாம் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து என்பது ஞாபகமிருக்கும். மழைக்காலத்தில் கழுவினால் இரண்டு நாளானாலும் இந்த மலையில் காயாது. அடுப்புக்குக் கிட்ட வைத்தால் மஞ்சளாகும், றப்பர் இளகும். தள்ளி வைத்தால் ஈரம் நிற்கும். யாராவது பக்கத்திலிருந்து பார்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிறு இரவில் அவள் சப்பாத்தை வெள்ளையடித்து அடுப்பங்கரையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தவர் அப்பா. திங்கட்கிழமை காலையில் சப்பாத்து காய்ந்திருக்கும். காய்ந்த சப்பாத்தைப் பற்றி எந்தப் பிள்ளை யோசிக்கும்? தோட்டத்துச் சேற்றுப் பாதையில் அவள் வெறுங்காலோடு நடக்க, அவர் அதைக் கடதாசியிற் சுற்றித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு றோட்டு வரையில் முன்னே நடப்பாராம். பேச்சில்லை. றோட்டில் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பிரட்டுக் களத்துக்குப் போய்விடுவாராம்.

இதைச் சொல்லிவிட்டு அவள் எங்களிடம் கேட்ட கேள்வி: "அடிச்சதும் அவர்தான், காய வெச்சதும் அவர்தான். நான் எதை நம்புறது?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் எங்களில் ஒருத்தி அவளுக்கு இந்தக் கவிதையை அனுப்பினாள். இரண்டையும் நம்பலாம் என்று கவிதை சொல்வதாக அவள் எழுதினாள். நாங்கள் அத்தனை வருடம் அவளோடு பழகியும் அதைச் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

எங்கள் தமிழாக்கத்தில் கடைசிவரை சண்டை போட்டது கடைசிச் சொல்லோடுதான். ஆங்கிலத்தில் அது அலுவலகம் என்பதற்கு வழங்கும் அதே சொல். ஆனால் பழைய பொருளில் ஒருவர் தன் நிலைக்கு ஏற்பச் செய்தாக வேண்டிய காரியம். துறவியர் குறித்த வேளைகளில் தவறாமற் சொல்லும் செபத்துக்கும் அந்தப் பெயரே. யாரும் பார்க்காவிட்டாலும், விடியற்காலையானாலும் அந்தச் செபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கவிதைக்கு அந்தச் சொல் சும்மா வரவில்லை. 'சேவை' என்று போட்டால் பஸ் சேவை போலிருந்தது. 'கடமை' என்று போட்டால் பொலிஸ்காரர் வந்து நின்றார். 'பணிவிடை' தகப்பனுக்குப் பொருந்தவில்லை.

பிறகு எங்கள் தமிழ் ஆசிரியை படிப்பித்த புறநானூறு துணைக்கு வந்தது. பொன்முடியார் பாட்டொன்றில் தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் 'கடன்' என்ற ஒரே சொல்லையே வைத்திருக்கிறார். அந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தோம். காலைக்கடன் என்கிறோம், தவறாமற் செய்வது. இறுதிக்கடன் என்கிறோம், சடங்கு. செபத்துக்குரிய அந்த வாடை அதில் வந்துவிடுகிறது. நன்றிக்கடன் என்கிறோம். கடைக்காரருடைய கொப்பியில் ஏறுவதும் கடன்தான். தகப்பன் செய்தது கடன். மகன் இப்போது உணர்வதும் கடன். ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டாம் பொருள் இல்லை. இந்த ஓரிடத்திலாவது தமிழாக்கம் மூலத்தை மிஞ்சிவிட்டது என்று சற்றுப் பெருமைப்பட்டோம்.

பெருமை ஒரு நாள்தான் நின்றது. 'கடனே என்று செய்தான்' என்றால் மனமில்லாமற் செய்தான் என்றல்லவா பொருள் என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். சரிதானே? சொல்லை எடுத்துவிடலாமா என்று யோசித்தோம். கடைசியில் விட்டுவிட்டோம். ஏனென்றால் சின்ன வயதில் அந்த மகனும் அப்படித்தான் நினைத்திருப்பான்: அப்பா கடனே என்று நெருப்பு மூட்டுகிறார், கடனே என்று சப்பாத்துத் துடைக்கிறார். நாமும் அப்படித்தான் நினைத்தோம். மனமில்லாமற் செய்கிறவர் சப்பாத்தைத் திருப்பித் திருப்பி வைக்க மாட்டார் என்பது பிறகுதான் தெரிய வருகிறது.

இன்னொரு தோழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த உரை பொய்யாகிவிடும். அவளும் எங்களோடு உட்கார்ந்து இந்தக் கவிதையை வாசித்தாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும், "எங்க வீட்டுல சப்பாத்தும் இல்ல, நெருப்பும் இல்ல. தேடிப் பாத்துட்டேன்" என்றாள். பத்தாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவர் அவள் தகப்பன். நன்றாகத் தேடு, ஏதாவது இருக்கும் என்று நாங்கள் சொல்லத் தொடங்கினோம். எங்கள் வகுப்பில் எப்போதும் நிதானமாகப் பேசுகிறவள் எங்களை நிறுத்தினாள். இந்தக் கவிதை, கண்டெடுத்த ஒருவன் தான் கண்டதைச் சொல்வது. எல்லோரும் கண்டெடுத்தே ஆக வேண்டுமென்று அவன் எங்கே சொன்னான் என்றாள். அது சரியென்றே எங்களுக்கும் படுகிறது. ஹேடன் தன் சப்பாத்தைப் பற்றித்தான் எழுதினார்.

அந்தத் தோழி இன்று இங்கே வந்திருக்கிறாள். காலையில் மண்டபத்துக் கதிரைகளை அடுக்கியவர்களுள் அவளும் ஒருத்தி. கனடாத் தோழியும் வந்திருக்கிறாள். போன கிழமை அவள் பூனாகலைப் பக்கம் போய் வந்தாள். அப்பா அடக்கமான இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டாளாம். மழை பெய்து பாதை சேறாகக் கிடந்ததால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடுதான் ஏறினாளாம். கூடப்போன மகன் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டானாம். அவனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

 தேநீர் ஆறுகிறது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள்.